அந்தோணி என்று நான் வைத்த பெயர்

என் நாவலின் அச்சுப் பிரதிக் கட்டு இன்று காலை கொழும்பு பஸ்ஸில் வந்து சேர்ந்தது. உறையைக் கிழித்ததும் புதுத்தாள் வாசமும் பசை வாசமும் சேர்ந்து வந்தன. ஹட்டன் பஜாரில் உன் கொப்பி பென்சில் கடைக்குள் நுழைந்தால் முதலில் வருகிற அதே வாசம். நீ கண்ணை மூடி ஒன்பது மாதம் ஆகிறது. கட்டை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன், சொல்வதற்கென்ன வெட்கம்.

நாளை மாலைக்குள் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கப்புறம் ஒரு பெயரையும் மாற்ற முடியாது. எனக்கோ காலையிலேயே அதில் ஒரு பெயரில்தான் கண் போனது. எந்தப் பெயரென்று உனக்குத் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியும்.

என் நாவலை முதலில் வாசித்தது நீதான். பள்ளிக்கூடம் விட்டு வந்து உன் கடை ஸ்டூலில் நான் உட்கார, கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினாய். கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நேராகப் பெயர்களில் பிடித்தாய்.

"டீச்சர், இந்தச் சங்கத் தலைவருக்குக் கனகசபாபதின்னு வச்சிருக்கியே, இவரு யாழ்ப்பாணத்தில இருந்து தேயிலைக் கொழுந்து எடுக்க வந்தாரா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நீ சொன்னது சரி. அந்தத் தலைமுறையில் தோட்டத்து லய வரிசை வீடுகளில் ஆண்கள் வீராசாமி, சடையன், பெரியகருப்பன். பெண்கள் அங்கம்மா, பேச்சாயி. குலசாமி பெயர், தாத்தா பெயர். பெரிய கங்காணி வீட்டில்தான் பெயருக்குப் பின்னால் பிள்ளை என்றோ ரெட்டியார் என்றோ ஒரு வால் நீளும். இன்று என் வகுப்பு இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டால் டில்ஷானி, நிரோஷன் என்றுதான் வருகிறது, பக்கத்துச் சிங்களப் பிள்ளைகளின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும்படி. பெயரைக் கேட்டாலே எந்த வீடு, எந்தக் காலம் என்று தெரிந்துவிடும். என் தலைவரை அன்றே வீராசாமி ஆக்கினேன். கதாநாயகி ராசாத்தியை மட்டும் நீ தொடவிடவில்லை. மழையில் கொழுந்துக் கூடையோடு நிற்கிறவளுக்கு ராசாத்தி என்று பெயரா என்று யாராவது சிரிப்பார்களே என்றேன். "சிரிக்கட்டும். பெத்தவங்க ஆசைப்பட்டு வச்சது. அந்தப் பேருக்கும் அவ கூடைக்கும் நடுவுலதான் உன் கதையே இருக்கு" என்றாய்.

அடுத்து காதர் முதலாளி. மாவில் நிறை குறைக்கிற கடைக்காரர். நீ அந்தப் பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாய்.

"யா அல்லா! எங்கட ஆளு கதைக்குள்ள வந்தா தராசோடதான் வரணுமா?"

எடுத்துவிடுகிறேன் என்று பதறினேன். "என்னத்துக்கு எடுக்கணும்? எங்கட ஆக்கள்ள களவாணியே இல்லையா? ஒத்தை ஆளா விடாத. ஒத்தை ஆளா நின்னா அவன் மனுசன் இல்ல, முழு மார்க்கமா நிப்பான். இன்னும் ரெண்டு பேரை உள்ள விடு. அப்புறம் அவன் வெறும் காதர்." அப்படித்தான் பஸ் ஓட்டுகிற நிஸாமும், ராசாத்திக்குப் புத்தகம் இரவல் கொடுக்கிற பரீதாவும் என் நாவலுக்குள் வந்தார்கள். பரீதாவுக்கு உன் நடையையும் உன் வாயையும் கொடுத்தேன். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாய்.

அதற்கப்புறம் அந்தோணியிடம் வந்தாய். வேலைநிறுத்தம் செய்தவர்களின் இரகசியக் கூட்டத்தைத் தோட்டத் துரையிடம் போய்க் காட்டிக்கொடுக்கிற ஆள். மூன்று குடும்பங்கள் தோட்டத்தை விட்டுத் துரத்தப்படுகின்றன. இவருக்குத் தொழிற்சாலையில் காவல் காக்கிற வாச்சர் வேலை. நாவலில் இருந்த ஒரே கத்தோலிக்கர். இன்னும் இரண்டு பேரை உள்ளே விடச் சொல்லப் போகிறாய் என்று நினைத்தேன். நீ பென்சிலால் மூன்று இடத்தில் கோடு போட்டாய்.

"பொண்டாட்டி மாரியாயி. மகளுக்குக் காதுகுத்து முனியாண்டி கோயில்ல. வீட்டுல அந்தோணியார் படம் இல்ல, ஞானஸ்நானம் இல்ல, ஞானத்தாய் இல்ல, ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போக ஒரு சீலைகூட மடிச்சு வைக்கல. இந்த மனுசன் அந்தோணி இல்ல, டீச்சர். பேரு மட்டும்தான் மாறியிருக்கு, வீடு மாறல. யாரை ஒளிச்சு வைக்கிற?"

நான் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். நீ திரும்பக் கேட்கவே இல்லை. அடுத்த மாதம் உன்னைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சொல்லியிருக்கலாம். உன்னிடம்கூடச் சொல்லவில்லையே என்பதுதான் என்னை அரிக்கிறது.

அது என் அப்பா. முத்தையா. முதலில் அவர் பெயரைத்தான் எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு, எங்கள் வீட்டுப் பக்கமே வராத ஒரு பெயரைத் தேடினேன். அந்தோணி என்று மனதில் வந்தது, வைத்துவிட்டேன். அப்பா இப்போது இல்லை. அம்மா இன்னும் பொகவந்தலாவையில் அதே லயத்தில்தான் இருக்கிறாள். உண்மைப் பெயர் வந்தால் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் அவளை என்ன பேசுவார்கள்?

நீ கண்டுபிடித்த மாதிரி அங்கே மற்றவர்களும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயத்தைத் தாங்க முடியாமல் இன்று பகல் பஸ்ஸிலேயே அம்மாவிடம் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தபடியே போனேன். அடுப்படியில் உட்கார்ந்து, பெயர் வருகிற இடத்தில் அவர் என்று மட்டும் சொல்லி, அந்த அத்தியாயத்தை வாசித்துக் காட்டினேன். அம்மா ரொட்டி தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"இது ஒங்கப்பா."

"ஆமாம்மா. பேரை மாத்தியிருக்கேன்."

"என்ன பேரு வச்சே?"

சொன்னேன். அம்மாவின் முகம் வெளிறிப்போனது.

"அடிப் பாவி! வேற பேரே கெடக்கலயா ஒனக்கு? அந்தோணிதான் மொத ஆளா வெளிய போனாரு. நம்ம லயத்துல கடைசிக் காம்பரா. ஸ்டெல்லாவோட அப்பா. ஒன்னோட ஒண்ணா ரெண்டாம் வகுப்பு படிச்சாளே."

ஸ்டெல்லாவின் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை. அவள் பள்ளிக்கூடம் வராமல் போனதும், வீட்டுக்கு வந்து "ஸ்டெல்லா எங்கம்மா?" என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேனாம். அம்மா பதில் சொல்லவில்லையாம். அப்பாவும் அம்மாவும் இரகசியமாகப் பேசும்போது அடிக்கடி வந்த பெயராம் அந்தோணி. எங்கிருந்தோ தானாக வந்தது என்று நான் நம்பிய பெயர், எங்கள் காம்பராவுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. துரத்தப்பட்டவரின் பெயரைத் துரத்தவைத்தவருக்குப் போட்டிருக்கிறேன். அச்சாகியிருந்தால்?

"அப்பா பேரைப் போட்டா ஒன்னைய ஏசுவாங்கம்மா" என்றேன்.

"ஏசட்டும். வாச்சர் சம்பளத்துல சோறு தின்னவதானே நானு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தே ஒவ்வொரு அந்தோணியாக அடித்து முத்தையா என்று எழுதினேன். மாரியாயியும் முனியாண்டியும் இப்போது அவரவர் இடத்தில் இருக்கிறார்கள். நாளைக் காலை பஸ்ஸில் கட்டு போய்விடும். பயம் போகவில்லை. ஆனால் ஸ்டெல்லா எங்காவது உயிரோடு இருந்து, இந்தப் புத்தகம் அவள் கைக்குப் போனால், தன் அப்பாவின் பெயரைக் காட்டிக்கொடுத்தவனின் பெயராக அவள் வாசிக்க மாட்டாள். அன்று நீ அந்த மூன்று கோடு போட்டிராவிட்டால் வாசித்திருப்பாள்.