பன்னிரண்டாம் வரி

ராசிபுரம்,
2-8-1936

அன்புள்ள செங்கோட்டையனுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல்.

ஆத்தூர்ச் சந்தையில் நீ கேட்ட கேள்வியை ரயிலிலும் யோசித்தேன், வீட்டிலும் யோசிக்கிறேன். "ஏம்ப்பா வாத்தி, ஒரு பாட்டை ரெண்டு பேரு கட்டுனா அது யாரு பாட்டு?" பதில் எனக்குத் தெரியவில்லை. முப்பது வருஷம் தஞ்சாவூர்ப் பக்கம் பிள்ளைகளுக்கு யாப்பு நடத்தியவன் இப்படிச் சொல்லக் கூடாது. ஆனால் செய்து பார்த்தால் தெரிந்துவிடும்.

அங்கம்மாள் போனதிலிருந்து நீ கூத்துக்குப் பாட்டுக் கட்டுவதே இல்லை என்றாய். உன் மனைவியை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. துக்கத்துக்கும் வர முடியவில்லை. அந்தக் குறைக்கு இதையாவது செய்கிறேன். நீ ஒரு வரி கார்டில் எழுது. அடுத்த வரியை நான் எழுதுகிறேன். பன்னிரண்டு வரியில் ஓர் அகவல். உனக்கு ஒற்றை வரிகள், எனக்கு இரட்டை வரிகள்.

வரிக்கு நாலு சீர். நீ காதால் செய்வதுதான்; கூத்தில் தாளம் நாலு தட்டு விழுமே, அப்படி. உன் வரியின் இரண்டாம் எழுத்து எதுவோ, என் வரியின் இரண்டாம் எழுத்தும் அதுவே. புத்தகத்தில் அதை எதுகை என்போம். எனவே எழுத்தைக் கொடுப்பவன் நீ, கட்டுப்படுபவன் நான். பதினோராம் வரிக்கு மட்டும் மூன்றே சீர். வீட்டை நெருங்கும்போது நடை தளருமே, அது போல. பன்னிரண்டாம் வரி ஏகாரத்தில் முடியும்.

தபாலில் போட்ட வரியைத் திருத்தக் கூடாது. என்ன பொருள் என்று ஒருவரை ஒருவர் கேட்கவும் கூடாது.

உன்,
நாச்சிமுத்து


ஆத்தூர்,
6-8-1936

வாத்தியாருக்கு,

கார்டு கிடைத்தது. அரிசி மில்லில் மூட்டை நிறுத்துக்கொண்டே தாளம் போட்டுப் பார்த்தேன். மணியன் சிரிக்கிறான்: "அண்ணனுக்குச் சாமி வந்துடுச்சுடா!" சிரிக்கட்டும். ஒரு வரி வந்துவிட்டது.

மண்ணு ரோட்டில் ஒருத்தி வாறா

யார் என்று எனக்கே தெரியாது. நீ கேட்கவும் கூடாது, உன் சட்டம்தான்.

செங்கோட்டையன்


ராசிபுரம்,
10-8-1936

அன்புள்ள செங்கோட்டையா,

என் வரி:

எண்ணிய திசையெலாம் இருள்சூழ் மாலை

இரண்டையும் சேர்த்துப் படி. உன் வரியில் ஒரு பெண் உண்மையாகவே புழுதியில் வருகிறாள். என் வரியில் யாரோ பட்டுச் சால்வை போர்த்திக்கொண்டு மேடையில் பேசுகிறார். எதுகை சரி, சீர் சரி, ஆனால் ஒட்டு தெரிகிறது. உயரம் ஒவ்வாத இரண்டு மாடுகளை ஒரே ஏரில் பூட்டினால் நுகத்தடி ஒரு பக்கம் சாயுமே, அது போல.

இதற்கு ஒரு வழி. இனி என் ஒவ்வொரு வரியும் உன் முந்தைய வரியிலிருந்து ஒரு பொருளையாவது எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். எழுத்தை மட்டும் எடுத்தால் போதாது. எடுக்காத வரி வரியே அல்ல. நான் உன் பேச்சுச் சொல் ஒன்றைக் கடன் வாங்குவேன். நீ என் ஏட்டுச் சொல் ஒன்றை வாங்கு.

உன்,
நாச்சிமுத்து


ஆத்தூர்,
14-8-1936

வாத்தியாரே,

நீ சொன்ன வழி சரி. கையில் ஏதாவது இல்லாமல் எந்தப் பொம்பளை அவ்வளவு தூரம் நடப்பாள்?

இடக்கை யாலொரு குடத்தைப் புடிச்சு

நேற்று மகள் கந்தம்மாள் வந்திருந்தாள். நாமகிரிப்பேட்டைக்கு வந்து தன்னோடு இருக்கச் சொல்கிறாள். "தனியா உக்காந்து செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்கறதுக்கா இந்த ஊடு?" என்று சண்டை. பாட்டு முடியட்டும் என்றேன். பெண் என்னை முறைத்த முறை உனக்குத் தெரியாது.

செங்கோட்டையன்


ராசிபுரம்,
18-8-1936

அன்புள்ள செங்கோட்டையா,

உன் மகள் சொல்வது நியாயம்தான். என் வரி:

நடக்கையில் இடக்கால் நலிந்து சாயும்

உன் இடக்கையை இடக்காலாக மாற்றிக்கொண்டேன். இப்போது ஒட்டு அவ்வளவாகத் தெரியவில்லை, பார்த்தாயா?

உன்,
நாச்சிமுத்து


ஆத்தூர்,
21-8-1936

நாச்சிமுத்து,

அங்கம்மாளுக்கு இடது கால் சாயும். கல்யாணத்துக்கு முன்னால் கிணற்றுப் படியில் விழுந்தது. இதை நான் உன்னிடம் சொன்னேனா? சந்தையில் என்ன பேசினோம் என்று திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். சொன்ன நினைவு இல்லை.

அவள் நடையைப் பற்றி இனி வேண்டாம் என்று பொழுதைப் பிடித்தேன்.

பொழுது சாஞ்சும் போய்க்கிட் டிருக்கா

செங்கோட்டையன்


ராசிபுரம்,
25-8-1936

அன்புள்ள செங்கோட்டையா,

நீ சொல்லவில்லை. நீ கொடுத்த எழுத்து 'ட'. என்னிடம் இருந்த சொற்கள் கடல், படல், மடல், நடை. பெண் நடந்து வருவதால் 'நடக்கை' என்று எடுத்தேன். நடந்தால் கால், ஒரு கையில் பாரம் இருந்தால் கால் சாயத்தான் சாயும். பத்துப் பையன்களிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தால் நாலு பேர் என் வரியையே எழுதுவார்கள். மனம் கலங்காதே.

உன் சாய்ந்த பொழுதைத் தொங்கும் விழுதாக்கினேன். ஒரு பேச்சுச் சொல்லும் போட்டிருக்கிறேன்.

விழுதுபோல் முந்தியில் புளியங் கொட்டை

உன்,
நாச்சிமுத்து


ஆத்தூர்,
29-8-1936

நாச்சிமுத்து,

அவளும் நானும் தாயம் ஆடுவோம். புளியங்கொட்டையைத் தேய்த்து அவளே காய் செய்வாள். தோற்கும்போலத் தெரிந்தால் காயை முந்தியில் முடிந்துகொண்டு "அடுப்புல சோறு கொழையுது" என்று எழுந்து போய்விடுவாள். இது எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. கந்தம்மாளுக்குக் கூடத் தெரியாது.

பத்துப் பையன்களில் எத்தனை பேர் இதை எழுதுவார்கள், வாத்தியாரே?

ஆளை வேறு பக்கம் திருப்பி விடுகிறேன். உன் ஏட்டுச் சொல்லாலேயே திருப்புகிறேன்.

வேறு தெருவில் திரும்பு கின்றாள்

செங்கோட்டையன்


ராசிபுரம்,
3-9-1936

அன்புள்ள செங்கோட்டையா,

உன் கார்டை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு இரண்டு நாள் எதுவும் எழுதவில்லை. உன் எழுத்து 'று'. சோறு, சேறு, ஆறு எல்லாவற்றையும் பார்த்தேன். உன் தெருவை எடுத்தாக வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். எடுத்ததும் வரி தானாக இப்படி நின்றது. வேறு வரி எழுதிப் பார்த்தேன். எல்லாம் சொத்தையாக இருந்தன. நல்ல வரியை மறைத்துச் சொத்தை வரியை அனுப்ப எனக்குக் கை வரவில்லை.

மாறும் தெருவெலாம் ஒருவீ டடையும்

நீ வேண்டாம் என்றால் இதோடு நிறுத்திவிடலாம்.

உன்,
நாச்சிமுத்து


ஆத்தூர்,
7-9-1936

நாச்சிமுத்து,

நிறுத்தாதே. பயம் போய்விட்டது. கார்டு வருகிற நாளில் அவள் வருகிற தூரம் குறைகிறது. மில்லுக்கு இரண்டு நாளாகப் போகவில்லை. பக்கத்து வீட்டு ராஜம்மாள் நேற்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அண்ணே, யாரு வராங்கன்னு ரெண்டு எலை போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள். பாட்டு வருகிறது என்றேன்.

உன் வீட்டை எடுத்துக்கொண்டேன். வீடு என்றால் வாசலில் நாய் இருக்குமே.

நாயும் குலைக்கலே நகந்து நிக்குது

செங்கோட்டையன்


ராசிபுரம்,
11-9-1936

அன்புள்ள செங்கோட்டையா,

ஒழுங்காகச் சாப்பிடு. ஒரு இலையில் சாப்பிடு. என் வரி:

ஓயும் காற்றில் உலைமணம் வருமே

கந்தம்மாளைக் கூப்பிட்டுக்கொள். நான் சொன்னதாகவே சொல்.

உன்,
நாச்சிமுத்து


ஆத்தூர்,
14-9-1936

நாச்சிமுத்து,

உன் கார்டு இன்று மத்தியானம் வந்தது. அதற்கு முன்தினமே சமையற்கட்டுச் சுவரில் அடுப்புக்கரியால் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். நீ என்ன எழுதுவாய் என்று பார்க்கும் விளையாட்டு. "ஓயும் காற்றில் உலைமணம் வருமே." எழுத்துக்கு எழுத்து அதே வரி. ராஜம்மாளைக் கூட்டி வந்து காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கார்டையும் சுவரையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "ஒண்ணாத்தான் இருக்குது" என்றாள்.

யார் பாட்டு என்று கேட்டேனே. அவள் பாட்டு. நாம் இரண்டு பேரும் எடுத்துக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

இப்போது மூன்று சீர்.

கதவைத் திறந்து வைத்தேன்

கடைசி வரி உன்னுடையது. அவளை உள்ளே கூப்பிடு. கூப்பிட்டால் நானும் அவளும் எங்கே போகிறோம் என்பது எங்கள் பாடு. உன்னிடம் வேறு எதுவும் நான் கேட்டதில்லை.

செங்கோட்டையன்


ராசிபுரம்,
22-9-1936

அன்புள்ள செங்கோட்டையா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

பதறிய நெஞ்சொடு திரும்பி னாளே

பாட்டு முடிந்தது. கதவைச் சாத்து. மகளிடம் போ.

உன்,
நாச்சிமுத்து


நாமகிரிப்பேட்டை,
27-9-1936

வாத்தியாருக்கு,

சட்டப்படி உன் வரியை ஏற்றுக்கொண்டேன். கதவைச் சாத்தினேன். கந்தம்மாள் வண்டி கொண்டு வந்து என்னை ஏற்றிக்கொண்டாள். இங்கே பேரப்பிள்ளைகள் என் மேல் ஏறி மிதிக்கிறார்கள். சோறு நன்றாக இருக்கிறது. உன் மேல் கோபம் இல்லை.

ஒன்று மட்டும் மனதை அரிக்கிறது. திரும்பினாள் என்று எழுதிவிட்டாய். எங்கே திரும்பினாள்? அவளுக்கு ஆத்தூரை விட்டால் வேறு ஊர் தெரியாது. தெரிந்தது எல்லாம் இந்தக் கார்டுகள் போய் வருகிற வழிதான்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

செங்கோட்டையன்


ராசிபுரம்,
4-10-1936

அன்புள்ள செங்கோட்டையா,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடு.

நேற்றுக் காலை மோர் கொண்டுவரும் சின்னாயி செம்பை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங் சாமி, வாசல்ல ஒரம்மா நின்னுட்டு இருந்தாங்களே, உள்ள கூப்புடலீங்களா?"

"யாரம்மா?"

"நம்மூரு ஆளு இல்லீங். வழி தப்பி வந்துட்டனாட்ட இருக்குதுன்னாங்க. எங்கம்மா போகோணும்னு கேட்டனுங். 'ஊட்டுக்கு'ன்னாங்க. எந்த ஊருன்னு கேக்கறதுக்குள்ள நம்ம எருமை கயித்த அத்துக்கிச்சு. திரும்பிப் பாத்தா ஆளக் காணமுங்."

வெளியே வந்து பார்த்தேன். மழை பெய்து பத்து நாள் ஆகிறது. என் வாசற்படியில் குடம் வைத்து எடுத்தது போல ஈரமாக ஒரு வட்டம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது. இதற்கு ஒரு கணக்கு இருக்கலாம். நான் போட்டுப் பார்க்கவில்லை.

போட்டுப் பார்த்தது வேறு. பன்னிரண்டு வரிகளையும் வரிசையாக எழுதி, எந்த வரி எதிலிருந்து எதை எடுத்தது என்று பிள்ளைகளுக்குக் காட்டுவது போலக் கோடு இழுத்தேன். கையிலிருந்து கால். சாய்ந்த பொழுதிலிருந்து விழுது. தெருவிலிருந்து தெரு. வீட்டிலிருந்து நாய். அசையாமல் நின்ற நாயிலிருந்து ஓய்ந்த காற்று. மணம் வந்ததும் நீ கதவைத் திறந்தாய். பன்னிரண்டாவது வரியிலிருந்து கோடு இழுக்க இடமே இல்லை. உன் கதவை நான் தொடவில்லை. 'த' என்ற எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். பதறிய நெஞ்சு அவளுடையது அல்ல, என்னுடையது. உன்னை இழந்துவிடுவேனோ என்று பயந்தவன் நான். என் பயத்தை அவள் தலையில் ஏற்றி, இருட்டில் திருப்பி அனுப்பிவிட்டேன்.

எடுக்காத வரி வரியே அல்ல என்று எழுதியதும் நான்தான். ஆகவே அதை நீக்குவது தபாலில் போட்ட வரியைத் திருத்துவதாக ஆகாது. அப்படி ஒரு வரி எழுதப்படவே இல்லை. பாட்டு பதினொன்றில் நிற்கிறது. உன் கதவு திறந்திருக்கிறது. அவள் நடந்துகொண்டிருக்கிறாள்.

என் முறையை உனக்குக் கொடுத்துவிட்டேன். அவள் உள்ளே வரலாம், வாசலில் உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போகலாம், எதுவானாலும் அது உன் கதவிலிருந்து பிறக்கட்டும். என்னிடம் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வாரம் உன்னிடமிருந்து கார்டு வந்தால் சந்தோஷம். வராவிட்டால் நீ எங்கே இருப்பாய் என்று எனக்குத் தெரியும்; நான் பதற மாட்டேன்.

என்றும் உன்,
நாச்சிமுத்து

ஆத்தூர் வீட்டுக்குப் போய், கதவைத் திறந்து வைத்து, பதினொரு வரியையும் வாய்விட்டுப் படித்துவிட்டு, அடுத்ததாக வாயில் வரும் வரியை நிறுத்தாமல் சொல்லிப் பார்.