அம்மா வார்த்தை, அப்பா வார்த்தை

மார்ச் 9

என்னங்க,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். இங்கே தமிழும் இல்லை, அந்த ஊர் மொழியும் இல்லை. அறையில் என்னோடு இரண்டு பேர். ஒருத்திக்குக் குறட்டை, இன்னொருத்திக்கு ஓயாத போன். ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டில் போட்டிருக்கிறார்கள். ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டியதும் கண் கலங்கிவிட்டது. அங்கே நர்ஸ் வேலைக்கான ஊர் மொழிப் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டு, முதியோர் இல்லத்தில் உதவியாளாகப் படுக்கை விரித்துக்கொண்டிருந்தவள்தானே நான்.

பட்டாணி சாப்பிடுகிறாளா? விமான நிலையத்தில் உங்களுக்குக் கேட்காமல் என் காதில், “அங்க யாருகூடம்மா பேசுவே?” என்றாள். “உன்கூடத்தான், போன்ல” என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் இல்லையே என்று நீங்கள் அவளிடம் தமிழில் கொஞ்ச ஆரம்பித்துவிடாதீர்கள். நீங்கள் ஊர் மொழி, நான் தமிழ். அவள் பிறந்த நாளிலிருந்து ஒரு நாள் தவறாமல் காப்பாற்றிய ஏற்பாடு. நடுவில் கலைத்தால் குழம்பிப் போவாள். என் பங்கைப் புதனும் ஞாயிறும் போனில் பார்த்துக்கொள்கிறேன். ரெண்டே வருஷம், கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.

உங்கள்
பட்டாணி அம்மா


ஏப்ரல் 14

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

இருவரும் நலம். ஜடை பின்னக் கற்றுக்கொண்டேன். லிஃப்ட் கம்பி முறுக்குகிற கைதானே என்று தெனாவெட்டாக ஆரம்பித்தேன். பாலர் வகுப்பு ஆசிரியை பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

விதியை நான் மீறவில்லை. எப்படி மீறுவேன்? ஆறு வயதில் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் என்னைக் கொண்டுவந்து விட்டபோது, ஒன்றுக்குப் போக வேண்டும் என்று கேட்க ஒரு வார்த்தை தெரியாமல் வகுப்பிலேயே நனைத்துக்கொண்டு நின்றவன் நான். என் மகள் அப்படி நிற்கக் கூடாது என்றுதானே இதை ஆரம்பித்தேன்.

ஆனால் ஒரு விஷயம். நீ இருந்தபோது நீயும் நானும் தமிழில் பேசிக்கொள்வோம், அவள் இருபக்கமும் காது கொடுத்துக்கொண்டிருப்பாள். இப்போது வீட்டில் தமிழுக்கு வேலையே இல்லை. நேற்று ஒன்பதாவது மாடியில் சிக்கிய லிஃப்டைத் திட்டினேன். இந்த வாரம் நான் பேசிய தமிழ் அவ்வளவுதான்.

பகல் தூக்கத்திலிருந்து எழுந்தால் மட்டும் “தண்ணி” என்கிறாள். நான் ஊர் மொழியில் பதில் சொன்னதும் அவளும் மாறிவிடுகிறாள்.

அன்புடன்
உன் லிஃப்ட்காரன்


ஜூன் 28

என்னங்க,

உங்கள் ஜடையைப் போனில் பார்த்தேன். பரவாயில்லை, முகத்துக்கு நேரே வரவில்லை.

மனசு சரியில்லை. முன்னெல்லாம் அவளுக்கு ஒரு சாமான் பேர் தெரியாவிட்டால், “இதுக்கு அம்மா வார்த்தை என்ன?” என்று கேட்டு வாங்கிக்கொள்வாள். பெட்டியில் அடுக்குகிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் இரண்டு வார்த்தை வைத்திருந்தாள். இப்போது கேட்பதில்லை. தடுக்கினால் உங்கள் வார்த்தையைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறாள். இந்த ஞாயிறு நான் பத்துக் கேள்வி கேட்டேன். “ஆமா”, “இல்ல”, “தெரியல”. அப்புறம் போனை மேஜையில் வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். நான் போனில் தெரிந்த நம் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு, “பட்டாணி, பட்டாணி” என்று கூப்பிட்டபடி இருந்தேன்.

வாரத்துக்கு இரண்டு தரம் கால் மணி நேரம். அதில் ஒரு குழந்தை எவ்வளவு பேசிவிடும்? கணக்குப் போடாமல் இருந்துவிட்டேன். விதியை விட்டுவிடுங்கள். ராத்திரிச் சாப்பாட்டு நேரம் மட்டுமாவது அவளிடம் தமிழில் பேசுங்கள். நான்தான் வேண்டாம் என்றேன். நானே கேட்கிறேன்.

பட்டாணி அம்மா


ஜூலை 19

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

செய்து பார்த்தேன்.

முதல் நாள் தட்டை வைத்துவிட்டு, “வா தங்கம், சாப்பிடலாம்” என்றேன். என்னையே பார்த்தாள். பிறகு நாற்காலியில் ஏறி நின்று என் வாயைக் கையால் மூடினாள். “அப்படிப் பேசாதீங்கப்பா. அது அம்மாவோடது” என்று ஊர் மொழியில் சொன்னாள். நான் சிரித்துக்கொண்டே மறுபடி தமிழில் ஏதோ சொன்னேன். அவ்வளவுதான், பொத்துக்கொண்டு வந்துவிட்டது அழுகை. சாப்பிடவே இல்லை.

மறுநாள் பொம்மையைப் பேசவிட்டேன். பொம்மைக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்று சொன்னேன். “பொம்மை உங்க குரல்ல பேசுது” என்று அதை வாங்கி அலமாரியில் போட்டுவிட்டாள். மூன்றாம் நாள் நான் வாயைத் திறந்ததும் அவளே அலமாரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். கதவுக்கு வெளியே உட்கார்ந்து, பழையபடி பேசுகிறேன் என்று சத்தியம் செய்தபிறகுதான் வந்தாள்.

அவளுக்கு மொழி என்பது ஆள். நாம்தான் அப்படிப் பழக்கினோம். உன்னிடம் நான் தமிழ் பேசினால் அவளுக்கு ஒன்றும் இல்லை. அவளிடம் பேசினால் நான் வேறு யாரோ ஆகிவிடுகிறேன். நிறுத்திவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

உன்
லிஃப்ட்காரன்


ஆகஸ்ட் 6

உங்களுக்கு,

மூன்று நாள்! ஒரு பழுதுக்கு மூன்று மாதம் மல்லுக்கட்டுகிற ஆள் நீங்கள். மகள் விஷயத்தில் மூன்று நாளில் கை கழுவிவிட்டீர்கள். உங்களுக்கு இது வசதியாகப் போயிற்று என்று நினைக்கிறேன். ஆறு வயதில் நீங்கள் நனைத்த நிஜாருக்கு என் பிள்ளை எத்தனை வருஷம் பதில் சொல்ல வேண்டும்?

கதைகள் சொல்லிப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறேன், பதினாறு. தினம் ஒன்று போடுங்கள். தமிழ் பேசுகிற குழந்தை பக்கத்தில் எங்காவது இருந்தால் தேடுங்கள். அம்மாவிடம் மட்டும் பேசுகிற மொழி என்றால், அம்மா போனால் அதுவும் போகும். வேறொரு வாயிலும் அதை அவள் கேட்க வேண்டும். இதை ஐந்து வருஷத்துக்கு முன்னால் யோசித்திருக்க வேண்டியது நானும்தான்.

பட்டாணி அம்மா


நவம்பர் 23

அன்புள்ள பட்டாணி அம்மாவுக்கு,

நீ கேட்டதை நான் மறுக்கவில்லை. பதில் எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

ஊரின் மறுகோடியில் ஒரு தமிழ்க் குடும்பம் கிடைத்தது, இரண்டு பையன்கள். மூன்று சனிக்கிழமை கூட்டிப்போனேன். முதல் பத்து நிமிஷத்திலேயே மூவரும் ஊர் மொழிக்குத் தாவிவிட்டார்கள். அந்தப் பையன்களும் வீட்டைத் தாண்டினால் அப்படித்தானாம்.

உன் கதைகளைப் போட்டேன். முதல் வாரம் காதில் வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, “அம்மா என்ன சொல்றாங்க?” என்று கேட்டாள். நான் சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு. அதிலிருந்து உன் குரலைக் கேட்பதே இல்லை. அது முடியட்டும் என்று காத்திருந்து என் முகத்தைப் பார்க்கிறாள்.

முதலில் பேச்சு நின்றது. புரிந்துகொள்வது மட்டும் கொஞ்ச நாள் இருந்தது. இப்போது ‘வா’, ‘சாப்பாடு’, ‘தூங்கு’ இவ்வளவுதான் பிடிபடுகிறது. நீளமான வாக்கியம் என்றால் விழிக்கிறாள்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் நின்று படித்தாள், பிசிறில்லாமல். ஆசிரியை என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெளியே வந்து படியில் உட்கார்ந்தபிறகுதான் உன் நினைப்பு வந்தது. எனக்கு இது வசதியாகப் போயிற்று என்று நீ எழுதியது சரிதான்.

அவளது அப்பா


அடுத்த ஆண்டு, ஜூன் 5

என்னங்க,

விடுமுறை முடிந்து இங்கே திரும்பி வந்து பத்து நாள் ஆகிறது. அங்கே உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

முதல் இரண்டு நாள் தமிழில்தான் பேசினேன். அவள் மரியாதையாகப் புன்னகை செய்தாள், விருந்தாளியிடம் செய்கிற மாதிரி. மூன்றாம் நாள் விட்டுக்கொடுத்தேன். என்னிடம் இருக்கிற ஊர் மொழியை எடுத்தேன். என்னிடம் என்ன இருக்கிறது? முதியோர் இல்லத்தில் கற்றது. அவள் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தாளே, அன்றைக்கு ஓடிப்போய் மடியில் வைத்துக்கொண்டேன். ‘என் ராசாத்தி, வலிக்குதாடா’ என்று நெஞ்சு முட்ட வருகிறது, தமிழில். அவளுக்குப் புரிகிற மொழியில் வாயில் வந்தது இதுதான்: “தயவுசெய்து காலை நீட்டுங்கள். எங்கே வலிக்கிறது? பயப்பட வேண்டாம், முடிந்துவிட்டது.” அவள் சிரித்துவிட்டாள். பிறகு என் உச்சரிப்பைத் திருத்தினாள். பொறுமையாக, இரண்டு தரம். நல்ல பிள்ளையாக வளர்த்திருக்கிறீர்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் கீழ் வீட்டுச் சிறுமி வந்தாள். நான் கதவு மறைவில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். “அது யாரு?” என்று கேட்டாள். பட்டாணி, “என் அம்மா. அவங்களுக்குப் பேச வராது” என்றாள். கேலி இல்லை, வருத்தம் இல்லை. இன்று மழை என்று சொல்வதுபோல் சொன்னாள். பேசத்தான் வராது, காது கேட்கும், ஊர் மொழி எனக்குப் புரியும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

அங்கே வந்தால் மறுபடி படுக்கை விரிக்க வேண்டும். அதற்கும் தயார்தான், அவள் எனக்காகக் காத்திருந்தால். இங்கே அவளைக் கூட்டி வரலாம் என்றீர்கள். மூன்றாவதாக ஒரு மொழியில், ஆறு வயதில், ஒன்றும் தெரியாமல் வகுப்பில் நிற்க விடவா? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

கீழே எழுதியிருப்பதை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். தமிழிலேயே படியுங்கள். ஒரு தடவை மட்டும்.

பட்டாணி, அம்மாவுக்குப் பேச வரும்டா. நீ வயித்துல இருந்தப்ப நாள் பூரா உன்கிட்டப் பேசிட்டே இருப்பேன். நீ பிறந்தப்புறமும் ஓயமாட்டேன். நீ பதிலுக்கு அவ்வளவு பேசுவே. உனக்கு மறந்துபோச்சு, அது உன் தப்பு இல்ல. அம்மா உன்மேல உசிரையே வெச்சிருக்கேன்.

— பட்டாணி அம்மா


ஜூன் 30

அன்புள்ளவளுக்கு,

படித்துக் காட்டினேன், தமிழிலேயே. பக்கத்தில் உட்காரவைத்து, விரலால் வரி காட்டி. இந்தத் தடவை என் வாயை மூடவில்லை, அழவில்லை. இப்போது அது அவளுக்கு யாருடைய மொழியும் இல்லை போலிருக்கிறது. இரண்டு வரி கேட்டாள். பிறகு என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, “சொல்லுங்கப்பா, என்ன எழுதியிருக்காங்க?” என்றாள்.

சொன்னேன். ‘உசிரையே வெச்சிருக்கேன்’ என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நாற்பது வருஷமாக இந்த மொழியில் இருக்கிறேன், எனக்கு அந்த இடத்தில் ஒன்றும் அகப்படவில்லை. “அம்மாவுக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும்” என்றேன். “எனக்கும் பிடிக்கும்னு எழுதுங்க” என்றாள். எழுதிவிட்டேன். மூன்று வருஷம் என்றதற்கு ஒன்றும் கேட்கவில்லை.

இன்னொன்று. போனில் அவளை நிற்கவைக்க நான் இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தேன். இத்தனை மாதமாக. உனக்குத் தெரியாது. போன ஞாயிறு, இனிப்பு வேண்டாம், போனும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கட்டாயப்படுத்த எனக்கு மனசு வரவில்லை.

அதனால் அவளிடம் என்ன சொல்ல வேண்டுமானாலும் எனக்கு எழுது. நான் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு
பட்டாணி அப்பா