சொல்லாமல் விட்ட இரண்டு வரி

மார்ச் 3

கல்யாணப் பெண்ணுக்கு,

கவுண்டரில் நீ இல்லாமல் நம் மூக்குக் கண்ணாடிக் கடை களையிழந்து கிடக்கிறது. வரவேற்பில் தோழியின் வாழ்த்துப் பேச்சு என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனாயே, எழுதி முடித்துவிட்டேன். கடிகாரத்தை வைத்துச் சத்தமாகப் படித்துப் பார்த்தேன், ஏழு நிமிஷம். பசியோடு உட்கார்ந்திருப்பவர்கள் என்னையே தின்றுவிடுவார்கள். வெட்டி வெட்டி மூன்றாக்கினேன். நமக்குள் மட்டும் சிரிக்கும் கதையெல்லாம் போச்சு. ஒரே கதைதான்:

"மாப்பிள்ளைக்கு இடது கண் லென்ஸை வலப்பக்கமும், வலது கண் லென்ஸை இடப்பக்கமும் மாட்டிக் குடுத்துட்டோம். நாலு நாள் படியில தடுக்கி, தலைவலியோட வந்து கத்தினார். யார் தப்புன்னு முதலாளி கேட்டப்போ இவதான் கையைத் தூக்கினா. புதுக் கண்ணாடி போட்டதும் அவர் முதல்ல தெளிவாப் பாத்தது இவ முகத்தை. தெளிவாத் தெரிஞ்சும் மனுஷன் ஓடலைங்க!"

இங்கே சிரிப்பார்கள். அடங்கும் வரை வாயைத் திறக்க மாட்டேன். பிறகு குரலை இறக்கி இரண்டு வரி: "லென்ஸ்ல இடது, வலது குறியை மாத்திப் போட்டது நான். எனக்கு வேலை போயிடும்னு பழியைத் தன் மேல போட்டுக்கிட்டது இவ." அதோடு எல்லோரையும் எழுப்பி, பழரசக் கோப்பையை உயர்த்தி, வாழ்த்து.

முதலாளி அன்று வெளியூராம். அவர் வந்தாலும் சொல்லத்தான் போகிறேன்.

உன் வாயாடி

மார்ச் 9

அன்பு வாயாடி,

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. "கத்தினார்" வேண்டாம், மாமியாராகப் போகும் அத்தைக்கு முகம் சுருங்கும். "வருத்தமா வந்தார்" என்று போடு. அவர்கள் பக்கத்தில் யாருக்கும் உன்னைத் தெரியாது, நீ யார் என்று சொல்லிவிட்டு ஆரம்பி. மைக்கை வாயில் இடித்துக்கொள்ளாதே. காகிதத்தைப் பார்த்துப் படிக்காதே, எங்களைப் பார்.

கடைசி இரண்டு வரியைச் சொல் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லையடி. ஆனால் படித்ததும் அழுதுவிட்டேன். அந்தத் தப்புக்காக முதலாளி என்னை லென்ஸ் மாட்டும் பட்டறை மேசையிலிருந்து எடுத்துக் கவுண்டரில் நிறுத்திய இந்த ஒன்றரை வருஷமும் கட்டிக்கொள்ளப் போகிறவரிடம்கூடச் சொல்லவில்லை. உன் வாயாலேயே கேட்கட்டும்.

உன் தோழி

மார்ச் 26

என் கண்ணே,

எந்த முகத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறேனோ தெரியவில்லை.

எல்லாம் நினைத்தபடிதான் போனது. நீ சொன்னபடி உங்களைப் பார்த்தே பேசினேன். "ஓடலைங்க" என்றதும் மண்டபமே சிரித்தது. அடங்கட்டும் என்று நின்றேன். அப்போதுதான் இரண்டாவது மேசையில் முதலாளி கைதட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பயணத்தைத் தள்ளிப் போட்டுவிட்டு வந்தாராம். அந்த இரண்டு வரியை விழுங்கிவிட்டேன். "எல்லாரும் எழுந்திருங்க" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் குடித்தார்கள். நீ மட்டும் கோப்பையைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

சாப்பாட்டு மேசையில் உன் மாமியார், "எங்க வீட்ல உப்பையும் சர்க்கரையையும் மாத்திப் போட்டுடாதேம்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன். வாசலில் முதலாளி, "நல்லாப் பேசினே. அடுத்த மாசத்துலேருந்து பட்டறை உன் பொறுப்பு" என்றார். அதற்கு நன்றி வேறு சொன்னேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது நான்தான். என்னை நாலு வார்த்தை திட்டி எழுது.

உன் வாயாடி

ஏப்ரல் 2

அன்பு வாயாடி,

திட்ட மனம் வரவில்லை. அன்றைக்கு நானே விரும்பித்தான் கையைத் தூக்கினேன், அதற்காக வருத்தப்பட்டதே இல்லை. நீ எழுதி அனுப்பாமல் இருந்திருந்தால் மேடையிலும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். எழுதி அனுப்பிவிட்டாய், எதிர்பார்த்துவிட்டேன்.

முதலாளியிடம் சொல்ல வேண்டாம். உன் அம்மாவின் மருந்துச் செலவு எனக்குத் தெரியாதா? ஆனால் இந்த வீட்டில் சொல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வா. அத்தையும் அவரும் இருப்பார்கள். நாலே பேர், மைக் கிடையாது. நீ சொல், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

காத்திருப்பேன்,
உன் தோழி

ஏப்ரல் 8

வாயாடிக்கு,

மூன்று மணி வரை சாப்பிடாமல் உனக்காகக் காத்திருந்தோம். உடம்பு சரியில்லையோ என்று பயந்து கடைக்குப் போன் செய்தேன். பட்டறையில் இருக்கிறாய், ஞாயிறு என்றும் பாராமல் நீயாகவே வேலைக்கு வந்தாய் என்று சொன்னார்கள். கூப்பிட வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

இரவு அவர் கேட்டார்: "உன் ஃப்ரெண்டு அன்னிக்கு ஏதோ சொல்ல வந்து நிறுத்தின மாதிரி இருந்துச்சே. நிஜமாவே நீதான் லென்ஸை மாத்தினியா?"

"ஆமாங்க, நான்தான்" என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணமாகி அவரிடம் நான் சொன்ன முதல் பொய் இது. உனக்காக இனி இன்னொன்று சொல்ல என்னால் முடியாது. அதனால் நீ வராமலே இருப்பதுதான் நல்லது. இங்கிருந்து உன் வேலைக்கு ஒரு ஆபத்தும் வராது, பயப்படாதே.

அம்மாவைப் பார்த்துக்கொள்.