நாலாவது சீட்டு

8 நவம்பர் 1994, செவ்வாய்

பெரிய ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையோடு நான் கொடுத்தனுப்பிய சீட்டின் கீழ்ப்பாதி இன்று திரும்பி வந்தது. மேல்பாதியில் நான் எழுதி அனுப்பியது: "பெண் குழந்தை, இரண்டு வயது, மூக்கொழுகல், உடம்பெல்லாம் சிவப்பு, தட்டம்மையோ என்று சந்தேகம்." கீழ்ப்பாதியில் ஸ்ரீவில்லிபுத்தூர் குழந்தை டாக்டர் அழகியமணவாளன் எழுதியிருப்பது: "தீபாவளிச் சட்டைச் சாயம். சோப்புப் போட்டதும் குணம்."

ஒரே மாதத்தில் இப்படி வீணாகப் போன சீட்டு இது மூன்றாவது. முதலில் மூக்கில் புளியங்கொட்டை போட்டுக்கொண்ட பையன். பஸ்ஸில் ஏறியதும் தும்மினான், கொட்டை முன்னால் உட்கார்ந்திருந்த ஆளின் கழுத்தில் போய் விழுந்ததாம். அடுத்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினான். குடல் அடைப்போ என்று பயந்து அனுப்பினேன். அடைப்பெல்லாம் இல்லை, ஒன்பது அதிரசம். பஸ்ஸிலேயே எல்லாம் வெளியே வந்துவிட்டது.

தேவகிருபை, உனக்கு இருபது வருஷ சர்வீஸ். வெட்கமாக இல்லையா?

9 நவம்பர்

தளவாய்புரம் பக்கத்து இந்த மிஷன் மருந்தகத்துக்கு டாக்டர் வியாழக்கிழமை மட்டும்தான் வருவார். மற்ற நாளெல்லாம் நான்தான் டாக்டர், நான்தான் நர்ஸ், நான்தான் கூட்டிப் பெருக்குகிறவள். இதை யாரும் பாராட்டவில்லை. மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது: தேவையில்லாமல் இன்னும் ஒரு பிள்ளையை அனுப்பினால் சீட்டுப் புத்தகத்தை ஒப்படைத்துவிட வேண்டுமாம்.

மாலையில் கண்டக்டர் ராக்கப்பன் ரோட்டில் நின்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான்: "சிஸ்டர் அனுப்புத பிள்ளைக பூரா எங்க வண்டியிலயே குணமாயிருதுக. பொறவு ஆஸ்பத்திரி எதுக்கு? எனக்கு ஒரு ஊசியக் குடுத்துருங்க, நானே பாத்துக்கிடுதேன்."

அதிரசப் பையனுக்குப் பிறகு பஸ்ஸைக் கழுவியவன் அவன்தான். அதனால் உள்ளே வந்துவிட்டேன்.

12 நவம்பர், சனி

அந்த ராக்கப்பன் இன்று மனைவி மாரியாத்தாளோடு வந்தான். மடியில் பிள்ளை. ஒன்பது மாதம், ஏழரைக் கிலோ, பெயர் மட்டும் சுந்தரபாண்டியன். இருமல், காய்ச்சல்.

இருமலோடு வரும் பிள்ளைக்கு முதலில் மூச்சை எண்ண வேண்டும். சட்டையைத் தூக்கிவிட்டு, முழுசாக ஒரு நிமிஷம், பிள்ளை அழாமல் இருக்கும்போது. ஒரு வயதுக்குள்ளே என்றால் ஐம்பதோ அதற்கு மேலோ போனால் நிமோனியா. அழும்போது எண்ணினால் அது கணக்கே இல்லை.

சுந்தரபாண்டியன் என் மூக்குக் கண்ணாடியைப் பார்த்ததும் ஊரைக் கூட்டினான். பால் கொடுக்கச் சொன்னேன். அடங்கினான். கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தேன். ராக்கப்பனும் கூடச் சேர்ந்து உரக்க எண்ணினான், நடுவில் பழக்க தோஷத்தில் "ரைட்!" என்றான். நான் முப்பத்தொன்றில் தொலைந்தேன். அவனை வெளியே நிறுத்திவிட்டு மறுபடி எண்ணினால் நாற்பத்திரண்டு. நெஞ்சும் நன்றாக இருந்தது. வெறும் சளி.

கை சீட்டுப் புத்தகத்துக்குப் போனது. இழுத்துக்கொண்டேன். காய்ச்சலுக்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டு, "மூச்சு வேகமா வாங்கினாலோ, பால் குடிக்க மாட்டேன்னாலோ அந்த நிமிசமே தூக்கிட்டு வரணும்" என்று மாரியாத்தாளிடம் மூன்று தடவை சொன்னேன்.

"ஆச்சரியமா இருக்கே, சீட்டு இல்லியா?" என்றான் ராக்கப்பன்.

13 நவம்பர்

கோயிலில் பிரசங்கம் ஒன்றும் ஏறவில்லை. முன் பெஞ்சுக் குழந்தையின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தாறு.

14 நவம்பர், திங்கள்

காலை ஒன்பதரைக்கு ராக்கப்பன் சிரித்துக்கொண்டே வந்தான். பின்னால் மாரியாத்தாள், அவள் சிரிக்கவில்லை.

"மருந்து நல்லாப் பிடிச்சிருச்சு சிஸ்டர். மேலு குளுந்திருச்சு. ராத்திரி பூரா ஒரு சத்தம் கிடையாது. இவதான் சும்மா கெடக்காம கூட்டியாந்துட்டா."

உடம்பு குளிர்ந்துதான் இருந்தது. பிள்ளை என் கண்ணாடியைப் பார்த்தான். அழவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"ஏட்டி, பால் குடிக்கானா?"

"ரெண்டு இழுப்பு இழுக்கான், விட்டுருதான் சிஸ்டர்."

சட்டையைத் தூக்கினேன். அறுபத்து நாலு. என் மேலேயே நம்பிக்கை இல்லாமல் மறுபடி எண்ணினேன். அறுபத்து மூன்று. எண்ணிக்கையை விடு, பிள்ளை மூச்சை உள்ளே இழுக்கிறபோதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. மூச்சு இழுத்தால் நெஞ்சு மேலே வரவேண்டும், அடிநெஞ்சு உள்ளே போகக் கூடாது. போனால் வீட்டில் வைத்துப் பார்க்கிற நோய் இல்லை.

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்த நேரத்தில் எனக்கு டாக்டர் அழகியமணவாளனின் கையெழுத்துதான் ஞாபகம் வந்தது. நாலாவது சீட்டு. மாத்திரையைக் கொடுத்து, நாளைக்கு வாங்க என்று சொல்லிவிட்டால் என்ன? பிள்ளை அமைதியாகத்தானே இருக்கிறான்? — சீ. என் மானத்துக்கும் அந்தக் குழிக்கும் என்ன சம்பந்தம்.

சீட்டை எடுத்தேன். ராக்கப்பன் சிரித்தான். "காய்ச்சல் விட்ட பிள்ளைக்கா சிஸ்டர்? நாலாவது போணி என் வீட்லதானா?"

எனக்கு வந்ததே ஆத்திரம். "ஏலே, சிரிக்காத. இங்க வா. உன் பிள்ளை நெஞ்சப் பாரு. மூச்சு இழுக்கான் பாரு, இப்ப. பள்ளம் விழுதா இல்லையா?"

குனிந்து பார்த்தான். பிறகு சிரிப்பு இல்லை.

பிள்ளைகளுக்கான கோட்ரிமாக்சசோல் இரண்டு மாத்திரையைப் பொடித்து, தாய்ப்பாலில் குழைத்துக் கரண்டியால் புகட்டினேன். முதல் வேளை மருந்தை இங்கேயே கொடுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். சீட்டில் வயது, எடை, மூச்சு எண்ணிக்கை, நெஞ்சுக் குழி, கொடுத்த மருந்து, கொடுத்த நேரம் 9.50. வழியெல்லாம் துணியால் மூடி வைத்துக்கொள்ளவும், குடிக்கிற வரைக்கும் பால் கொடுக்கவும் மாரியாத்தாளிடம் சொன்னேன்.

ராக்கப்பனுக்கு இன்று லீவு. ஆனாலும் பஸ் வந்ததும் டூட்டிக் கண்டக்டரின் விசிலைப் பிடுங்கிக்கொண்டு படியில் ஏறினான். "இராஜபாளையம் வரைக்கும் ஒரு ஸ்டாப்பும் கிடையாது! நடுவுல எறங்குதவுக திரும்பி வாங்க!" பஸ்ஸுக்குள் ஒரே கூச்சல். பிறகு யாரோ பிள்ளையைப் பார்த்திருக்க வேண்டும், கூச்சல் அடங்கிவிட்டது.

அங்கிருந்து அடுத்த பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தார்களா? தெரியவில்லை. சனிக்கிழமையே அனுப்பியிருக்க வேண்டுமோ? இல்லை, சனிக்கிழமை நாற்பத்திரண்டுதான். நாற்பத்திரண்டேதானா?

15 நவம்பர்

தகவல் இல்லை. வீட்டுக்காரர் ராபர்ட், பேண்டேஜ் கம்பெனி வேலையிலிருந்து வந்ததும், "சாப்பாட்டில் உப்பு இல்லை" என்றார். நேற்றைக்கும் போடவில்லையாம்.

16 நவம்பர், புதன்

டூட்டிக் கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி, இறங்கி வந்து, சீட்டின் கீழ்ப்பாதியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் பிரித்தேன்.

"கடுமையான நிமோனியா. ஆக்ஸிஜன், ஊசி. இன்று காலை ஆக்ஸிஜன் எடுத்துவிட்டோம், பால் குடிக்கிறான். மறுநாள் வந்திருந்தால் சொல்வதற்கில்லை. மூச்சை நானும் எண்ணினேன்: 63. தங்கள் கையெழுத்தை மட்டும் திருத்திக்கொள்ளவும். — அழகியமணவாளன்."

அழுதேன். பிறகு கையெழுத்தைப் பற்றி அவர் சொன்னதற்குக் கோபம் வந்தது. அவர் கையெழுத்து மட்டும் என்ன வாழ்ந்தது?

17 நவம்பர்

வியாழக்கிழமை டாக்டர் வந்தார். சீட்டைக் காட்டினேன். மேலிடத்துக் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். புத்தகம் என்னிடமே இருக்கிறது.

24 நவம்பர், வியாழன்

மூன்று பேரும் வந்தார்கள். ராக்கப்பன் வாசலில் தானாகவே நின்றுகொண்டான். மாரியாத்தாள் பிள்ளையை மடியில் வைத்துச் சட்டையைத் தூக்கினாள், நான் சொல்லாமலே.

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தேன். சுந்தரபாண்டியன் என்னைப் பார்த்தான். உதடு பிதுங்கியது. அப்புறம் எடுத்தானே ஒரு கத்தல்! கூரையில் இருந்த காக்கை பறந்துவிட்டது.

எண்ணவே முடியவில்லை. எண்ணாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.