கேட்காமலே சொன்ன ஒரு பக்கம்

என் அன்பு வாலுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். அப்பாவின் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, அதுவும் நாள் முழுக்க பஸ் ஓட்டும்போது வலிக்காதாம், வீட்டில் ஒரு வாளி தண்ணீர் தூக்கச் சொன்னால்தான் வலிக்குமாம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன், ஆனால் இந்த முறை அந்த நம்பிக்கையில் கொஞ்சம் ஓட்டை விழுந்திருக்கிறது, அது ஏன் என்று உனக்கே தெரியும், அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து என் பேச்சைத் திருப்பிவிடுவாய், அதனால்தான் காகிதம். முழுதாகப் படித்து முடிக்காமல் யாரிடமும் புலம்பாதே.

என் கட்டுரைச் சமாச்சாரம் முடிந்துவிட்டது. எப்படி முடிந்தது என்று சொல்வதற்கு முன்னால் அது எப்படி ஆரம்பித்தது என்று உன் அப்பாவுக்குச் சொன்ன மாதிரி உனக்கும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு நீ பாதியிலேயே கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாய். எங்கள் வார்டில் ஆறு மாதத்தில் பதினோரு நோயாளிகள் தவறி விழுந்தார்கள் அல்லவா, அதைப் பற்றித்தான் மாலை வகுப்புக்குக் கட்டுரை எழுதினேன். விஷயமெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான், இருபத்தாறு வருடம் நர்ஸாக இருக்கிறேன், யார் எந்தக் கட்டிலிலிருந்து எப்படி விழுந்தார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், ஆனால் இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தால் வரிக்கு மூன்று பிழை வருகிறது. அதனால்தான் நீ லீவில் வந்தபோது என் போனில் போட்டுக் கொடுத்த அந்த ஏ.ஐ. எழுதும் கருவியை எடுத்தேன். அப்பா அதற்கு வைத்திருக்கும் பெயர் உனக்குத் தெரியும், “உன் மக வச்ச வாத்தியார்”.

முழுக்க முழுக்க நான் எழுதிய கட்டுரைதான், மூன்று தடவை பேனாவால் எழுதி, பிறகு கம்ப்யூட்டரில் அடித்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு பத்தியாக அந்தக் கருவியில் போட்டு, ‘இலக்கணப் பிழையும் எழுத்துப் பிழையும் மட்டும் திருத்து, கருத்தை மாற்றாதே, புதிதாக எதையும் சேர்க்காதே’ என்று எழுதினேன். நோயாளிகளின் பெயர், கட்டில் எண், தேதி எல்லாவற்றையும் முன்னாலேயே எடுத்துவிட்டேன், அந்த விஷயத்தில் உன் அம்மாவைக் குறை சொல்ல முடியாது. அது எங்கே கை வைத்தது என்று காட்டாது, முழுப் பத்தியையும் சலவை செய்து நீட்டும், நாம்தான் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்க்க வேண்டும். முதல் ஒன்பது பத்திகளை அப்படித்தான் பார்த்தேன், வேண்டியதை ஏற்றுக்கொண்டேன், வேண்டாததை விட்டேன். கடைசி இரண்டு பத்தி வரும்போது மதிய டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, சீருடையை மாட்டிக்கொண்டே அது கொடுத்ததை அப்படியே எடுத்து ஒட்டிவிட்டு, அனுப்பும் பொத்தானையும் அழுத்திவிட்டுக் கிளம்பினேன்.

மூன்று நாள் கழித்து அடுத்த கட்டுரைக்குத் தலைப்பு பார்க்கலாம் என்று பாடத்திட்டத் தாளை எடுத்தால், நான்காவது பக்கத்தில் கட்டம் போட்டு எழுதியிருக்கிறது: இந்த மாதிரிக் கருவிகளை மொழி திருத்த மட்டும் பயன்படுத்தலாம், ஆனால் எந்தக் கருவி, எதற்காக, எந்தப் பகுதியில் என்று கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் தெரிவிக்க வேண்டும், கருத்தையோ வாக்கியத்தையோ அதை வைத்து உருவாக்கக் கூடாது. வருடத் தொடக்கத்தில் படித்ததுதான், சிவப்புக் கோடு போட்டு எழுத்துப் பிழை காட்டுமே, அது போலத்தானே இதுவும் என்று நினைத்து மறந்திருக்கிறேன். விஷயம் ஒழுங்குக் குழுவுக்குப் போனால் படிப்பை ஒரு வருடம் நிறுத்தி வைப்பார்கள். வருடக் கடைசிக்குள் சான்றிதழ் காட்டாவிட்டால் வார்டு பொறுப்பு வேலையும் எனக்கில்லை. அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? “யாருமே கேக்கலையேம்மா, நீயா போய் எதுக்கு மாட்டிக்கிற, சும்மா இரு” என்றாய். என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னாய், தெரியும். ஆனால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் வார்டில் ஒருவருக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டால், அவருக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும், கொடுத்தவளே டாக்டரிடம் சொல்லிவிட்டு டியூட்டி முடிவதற்குள் தவறு அறிக்கை எழுதி வைக்க வேண்டும். நோயாளியின் தாளில் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது, படிக்கத் தெரிகிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்தும் நேரமும் போட வேண்டும். இத்தனை வருடம் அப்படியே பழகிவிட்ட கை, அதனால் பேராசிரியைக்கும் தவறு அறிக்கை மாதிரியே ஒரு பக்கம் எழுதினேன். எந்தக் கருவி, எந்தெந்தத் தேதி, நான் அதற்கு என்ன கட்டளை கொடுத்தேன் என்பதை வார்த்தை மாறாமல், ஒவ்வொரு பத்தியிலும் எத்தனை திருத்தம், மேற்கோள் காட்டிய புத்தகங்களும் எண்ணிக்கைகளும் நானே தேடியவை, முதல் பிரதிகள் கைவசம் இருக்கின்றன, தெரிவிக்காமல் விட்டது என் தவறு என்று. அந்தக் கடிதத்தை மட்டும் கருவியிடம் காட்டவே இல்லை. அப்பா படித்துப் பார்த்துவிட்டு, “இதுல நெறைய தப்பு இருக்கும் போலிருக்கே” என்றார், இருக்கட்டும் என்றேன். பஸ் ஓட்டுபவருக்கு இங்கிலீஷில் என்ன வேலை என்று நீ சிரிக்காதே, அவர் என்னைவிட நன்றாகவே படிப்பார்.

இப்போதுதான் அசல் கூத்து. எத்தனை திருத்தம் என்று எண்ணுவதற்காகக் கடைசி இரண்டு பத்திகளையும் அன்றைக்குத்தான் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஜன்னலோரக் கட்டிலில் இருந்த தையல் டீச்சரம்மாவை உனக்குச் சொல்லியிருக்கிறேன், தனியாகக் கழிவறைக்குப் போய் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாரே, அவர்தான். ஏம்மா மணி அடிக்கல என்று கேட்டதற்கு, “நீங்கள்லாம் ஓடிக்கிட்டே இருந்தீங்க, கூப்பிட மனசு வரல” என்றார். நான் அதை அப்படியே எழுதியிருந்தேன், எங்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று நினைத்து அவர் அழைப்பு மணியை அழுத்தவில்லை என்று. கருவி அதை என்ன செய்திருந்தது தெரியுமா? நோயாளி அறிவுரையைப் பின்பற்றாமல் மணியை அழுத்தத் தவறினார் என்று ஆக்கியிருந்தது. இலக்கணம் சுத்தமாக இருந்தது. ஆனால் பாவம் அந்த அம்மா குற்றவாளி ஆகிவிட்டார், அதன் கீழே என் பெயர் இருக்கிறது. அடுத்த பத்தியில், பதினோரு பேரில் ஏழு பேர் தனியாகப் போனவர்கள் என்று நான் எழுதியதை, பெரும்பாலானோர் தனியாகப் போனதால்தான் விழுந்தார்கள் என்று மாற்றியிருந்தது. தரை ஈரமாக இருந்ததா, விளக்கு எரிந்ததா என்பதெல்லாம் போயே போச்சு. பேராசிரியைக்கான கடிதத்தில், இலக்கணம் மட்டும்தான் திருத்தியது என்று எழுதி வைத்திருந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டு, இந்த இரண்டு இடத்தில் பொருளும் மாறியிருக்கிறது, நான் சரிபார்க்காமல் அனுப்பிவிட்டேன் என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். நீ சொன்னபடி சும்மா இருந்திருந்தால் டீச்சரம்மாவைப் பழிக்கும் அந்த வரி கட்டுரையிலேயே உட்கார்ந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குப் பிரதிகளோடு வரச் சொன்னார்கள். பேராசிரியைக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு, மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு மேஜை முழுக்கத் தேடுவார், அன்றைக்கும் தேடினார், எடுத்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. என் பேனாப் பிரதிகள் மூன்று, கருவியோடு நடந்த பரிமாற்றத்தின் அச்சுப் பிரதி எல்லாவற்றையும் புரட்டினார். பிறகு கட்டுரையை மூடி வைத்துவிட்டு, அந்த ஜன்னலோரத்து அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். என் ஓட்டை இங்கிலீஷில் பத்து நிமிடம் பேசினேன். கேட்டுவிட்டு அவர், நீங்களாகச் சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது, கருவி எழுதியதைக் கண்டுபிடிக்கிறது என்கிற மென்பொருளை நான் நம்புவதில்லை, வேற்றுமொழிக்காரர்கள் கஷ்டப்பட்டுச் சொந்தமாக எழுதியதையே அது சந்தேகிக்கும் என்றார். பிறகு தீர்ப்பு: மொழி திருத்தியது விதிப்படி சரி, தாமதமாகத் தெரிவித்ததற்கு ஐந்து மதிப்பெண் குறையும், கடைசி இரண்டு பத்தியை என் வாக்கியத்திலேயே இரண்டு நாளில் எழுதித் தர வேண்டும், குழுவுக்கெல்லாம் போகத் தேவையில்லை. எழுதிக் கொடுத்தேன். அறுபத்தெட்டு வந்திருக்கிறது. திரும்பி வந்த தாளில் ஒரே ஒரு வரிக்குக் கீழே பச்சை மையில் கோடு போட்டு, இதுதான் உங்கள் கட்டுரை என்று எழுதியிருந்தார். தையல் டீச்சரம்மாவின் வரிதான். அழுதுவிட்டேன் வாலு, வெட்கமென்ன சொல்வதற்கு.

இதை உன்னிடம் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை ஆசை ஆசையாகப் போன் செய்தேன். உன் அறைத்தோழி எடுத்தாள். “ஆன்ட்டி, ட்ரிப் போட்டப்புறம் காய்ச்சல் விட்டுடுச்சு, இப்பதான் தூங்குறா, கவலப்படாதீங்க” என்றாள். எந்தக் காய்ச்சல், என்ன ட்ரிப் என்று அவளிடம் கேட்காமலே போனை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சட்டைக்கு இஸ்திரி போடுகிற மாதிரி நின்றார், இஸ்திரிப் பெட்டிக்கு மின்சாரமே போடவில்லை. நான்கு நாளாக நீ ஆஸ்பத்திரியில் இருந்தது அவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. சாயங்காலம் நீ அனுப்பிய செய்தியை இருபது தடவை படித்திருப்பேன். “நீ கேக்கலம்மா, அதான் சொல்லல. உனக்கு டூட்டி, கட்டுரை டென்ஷன் வேற, எதுக்குத் தொந்தரவுன்னு விட்டுட்டேன்.” நான்கு நாள் காய்ச்சலில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவள், நர்ஸ் பெற்ற பெண், எழுதுகிற எழுத்தா இது?

திட்டுவதற்காக எழுதவில்லை. கோபம் இருந்தது, எழுதி எழுதித் தீர்ந்துவிட்டது. பழம் சாப்பிடு, சூப் குடி, மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே, குளிர் நாளில் தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே. உன் அறைத்தோழிக்கு என் நன்றியைச் சொல், அவள் உளறியதற்காக அவளைக் கடிந்துகொண்டால் நான் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிடுவேன், ஓட்டுநரும் நம் வீட்டிலேயே இருக்கிறார். நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய்நொடி இல்லாமல் நூறு வருடம் நீ இருக்க வேண்டும் என்று இருவரும் மனதார வாழ்த்துகிறோம்.

ஒன்றே ஒன்று மறக்காதே. நான் ஓடிக்கொண்டேதான் இருப்பேன், என் வேலை அப்படி. அதைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடக்காதே கண்ணு. மணியை அழுத்து.

உன் அம்மா

(பிழைகள் இருக்கும். யாரிடமும் காட்டித் திருத்தவில்லை.)