முகூர்த்தத்துக்கு முந்தின நாள் நீ கேட்ட கேள்வி

மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு எதிரே நேற்று ஒரு காருக்கு ரோஜாச் சரம் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கான கார். ஈரப் பூவும் பெட்ரோலும் கலந்த வாசனை வந்ததும் நின்றுவிட்டேன். உலக யுத்தம் முடிந்த மறுவருஷம், என் ஜானவாச ஊர்வலத்தன்று பிற்பகலில், ஜன்னலுக்குக் கீழே இருந்து வந்தது இதே வாசனைதான். சிநேகிதா, நீ இறந்துபோன பிறகு உன்னோடு பேசவேண்டும் என்று முதல்முறையாகத் தோன்றியது அங்கேதான்.

பிள்ளை வீட்டாருக்கென்று மாட்டுங்காவில் கொடுத்திருந்த மாடியில், பாலக்காட்டிலிருந்து வந்த என் மனிதர்கள் எல்லாம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு சட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். நீ உள்ளே வந்தாய்.

“எங்கடா கிளம்பிட்டே?”

“தா... தா... தாதருக்கு.”

அங்கே என்ன ரயில் கிடைத்தாலும் ஏறுவதாக இருந்தேன். நீ வாசலை மறிக்கவில்லை. டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாய்.

“ஓடறதுன்னா நாளைக்குக் காலம்பற ஓடேன். காசி யாத்திரைன்னு முறையாவே அனுப்பி வைப்பா. குடை, விசிறி எல்லாம் கிடைக்கும். இன்னிக்குப் போனா வெறுங்கையோடன்னா போகணும்?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து ஆளாளுக்கு ‘பயப்படாதே, எல்லாம் சரியாப் போயிடும்’ என்று சொல்லிவிட்டிருந்தார்கள். நீ அதைச் சொல்லவில்லை.

“கல்யாணத்துக்குப் பயம்னு மொத்தமாச் சொல்லாதே. நாளைக்கு எந்த இடத்துல பயம்?”

அதற்குப் பதில் சொல்லி முடிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. வாத்தியார் மந்திரம் சொல்லச் சொல்ல, சபை நடுவே நானும் உரக்கச் சொல்லவேண்டும்; நிச்சயம் திக்கும். திக்கினால், மாப்பிள்ளை திக்குவாய் என்பது கல்யாணப் பெண்ணுக்கு மணையில் வைத்துத்தான் தெரியும். பெண் பார்க்கப் போனபோது பேச்சு முழுவதையும் என் அப்பாவே பேசிவிட்டார். அவளை ஏமாற்றுகிறோம் என்றும் சொன்னேன்.

“இது ரெண்டு பயம். ரெண்டும் வேற வேற,” என்றாய். “நீயும் நானும் சேர்ந்து சந்தியாவந்தனம் பண்றச்சே உனக்குத் திக்கறதோ?”

யோசித்துப் பார்த்தேன். திக்கியதில்லை. உடனே நீ சங்கல்ப மந்திரத்தை ஆரம்பித்தாய். நானும் கூடவே சொன்னேன். ஓரிடத்திலும் நிற்கவில்லை.

“நாளைக்கு உன் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துக்கறேன். என்னோட சேர்ந்து சொல்லு. ரெண்டு ரெண்டு வார்த்தையாப் பிரிச்சுக் கொடுங்கோன்னு வாத்தியார்கிட்டயும் சொல்லிடறேன்.” பிறகு இரண்டாவது பயத்துக்கு வந்தாய். “இன்னொண்ணுக்கு என்கிட்ட சமாதானம் இல்லேடா. அவகிட்டதான் இருக்கு. கேட்டுண்டு வரட்டுமா?”

“வே... வேண்டாம்னு சொல்லிட்டா?”

“சொல்றதுன்னா இன்னிக்கே சொல்லட்டும். தாலி கட்டினப்புறம் மனசுக்குள்ள சொல்லிண்டிருக்கறதைவிட அது தேவலை இல்லையா?”

அந்தப் பதிலில் ஆறுதலான வார்த்தை எதுவும் இல்லை. ஆனாலும் பையைக் கீழே வைத்துவிட்டுத் தலையசைத்தேன். எனக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்துக் குடிக்க வைத்துவிட்டு, உன் மனைவியை அழைத்துக்கொண்டு அடுத்த தெருவில் இருந்த பெண் வீட்டுக்குப் போனாய். அவள் மட்டும் உள்ளே போய், மருதாணிக் கையோடு இருந்த பெண்ணைத் தனியாகப் பார்த்துப் பேசினாளாம். திரும்பி வந்து உன் மனைவிதான் சொன்னாள்:

“நீங்க பொண் பார்க்க வந்த அன்னிக்கே அவளுக்குத் தெரியுமாம். காப்பி டம்ளரைத் திருப்பிக் கொடுக்கறச்சே ‘நன்னாருக்கு’ன்னு சொல்ல நீங்க ரொம்பச் சிரமப்பட்டேளாமே! ‘மத்தவா எல்லாரும் பேசாம குடிச்சுட்டுப் போனா, அவர் அவ்வளவு சிரமப்பட்டும் சொன்னாரே’ங்கறா. மந்திரத்துல நீங்க நின்னுட்டா அவ என்ன செய்யணும்னு கேட்டா.”

“நீ என்ன சொன்னே?” என்று நீ கேட்டாய்.

“ஒண்ணும் செய்ய வேண்டாம், நிமிர்ந்து பார்க்காம இருந்தா போறும்னேன்.”

சட்டைகளை எடுத்துப் பெட்டியில் வைத்தேன். சாயங்காலம் காரில் ஏறி உட்கார்ந்தேன்.

மறுநாள் சொன்னபடி நீ பின்னால் இருந்தாய். கோத்திரம் சொல்லும் இடத்தில் ஒருமுறை வார்த்தை திக்கி நின்றது. அந்த வார்த்தையை நீ எனக்காகச் சொல்லவில்லை. நீயும் நிறுத்தி, வாக்கியத்தை முதலிலிருந்து எடுத்தாய். வந்துவிட்டது. அவள் நிமிரவே இல்லை. முதல் முடிச்சை நான் போட்டேன். மற்ற இரண்டையும் என் அக்கா போட்டாள்.

போன மாதம் உனக்கு இரங்கல் கூட்டம் போட்டார்கள். பேசுகிறேன் என்று நானாகவே எழுந்தேன். உன் பேரின் முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. முன் வரிசையில் யாரோ எனக்காக அதைச் சொல்ல வாயெடுத்தார்கள். வேண்டாம் என்று கை காட்டினேன். மூச்சு விட்டுக்கொண்டு, வாக்கியத்தை முதலிலிருந்து ஆரம்பித்தேன். யாரும் எழுந்து போகவில்லை. உன் பேரை நானே சொன்னேன்.