நாலு காசு மிகுந்த கணக்கும் பண்டாரத்து உலகனார் காவலும்

செங்கழி நாட்டில் மழை பொய்யாதிருக்க. மாமன்னர் கடம்பவேள் செங்கோல் நிமிர்ந்து நிற்க. கருங்கணவாயின் கற்கள் போல் தளராத காவலரும், மூன்று வெள்ளத்திலும் கோட்டைக் கதவைச் சாத்தாது அகதிகளுக்குச் சோறு அளித்தவருமான கோட்டைத் தலைவர் வில்லவன் சேந்தனார்க்கு, அரண்மனை ஓலைநாயகியும், வடகரைப் போரில் பட்ட படைத்தலைவர் வேண்மானின் மனைவியுமான இளநாகை வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையில் யாவரும் நலமே இருப்பார்களாக.

இவ்வோலை நல்ல செய்தியையே சுமந்து வருகிறது. ஆதலால் தலைவர் அச்சமின்றிப் பிரிக்கலாம்.

தங்கள் காவலில் ஒன்பது நாளாக இருக்கும் பண்டாரத்து அதிகாரி உலகனார் குற்றமற்றவர். பண்டாரத்தார் மேல் எண்ணிக்கைப் பிழை சாற்றப்பட்டால், அது அரைக் காசேயாயினும், உடனிருந்த ஒருவர் முழுக்கணக்கையும் எழுதித் தீர்க்கும் வரை காவல் என்பதும், அமாவாசைக்குள் தீராவிடில் அவருடைய முத்திரை மோதிரம் உடைக்கப்படும் என்பதும் நம் நாட்டு வழக்கு. அமாவாசைக்கு இன்னும் இரண்டு நாளே உள்ளது. நான் உடனிருந்தேன். நினைவிலிருந்து, ஒரு கரண்டி நெய்யும் விடாமல், இங்கே எழுதுகிறேன்.

என் கணவர் போருக்குப் புறப்பட்ட நாளில் ஆண்டுதோறும் நாங்கள் நால்வர் கூடி உண்பது வழக்கம்: உலகனார், சுங்கத் தலைவர் எயினனார், மருத்துவர் பூதனார், நான். நால்வரும் அவருக்கு வேண்டியவர்கள்; அவரால் ஒருவருக்கொருவர் வேண்டியவரானோம். உண்ணும் இடம் மேட்டுப் பாதையில் உள்ள நாச்சன் என்பவரின் சோற்றுக்கடை. போருக்குப் போகும் வழியில் அவர் கடைசியாக உண்ட இடம் அது.

இவ்வாண்டும் நண்பகலில் கூடினோம். நன்றாக உண்டோம். உண்டு முடித்ததும் உலகனார், “நானே கொடுத்துவிட்டு வருகிறேன், பிறகு பகிர்ந்துகொள்வோம்” என்று பணப்பையோடு உள்ளே போனார். போனவர் எளிதில் வரவில்லை. எயினனார் இரண்டு முறை வெற்றிலை போட்டு முடித்த பின்பே வந்தார். முப்பத்தொன்றரைக் காசு கொடுத்ததாகச் சொன்னார். அதற்குள் கடைக்கார நாச்சன் வண்டி பூட்டிக்கொண்டு ஏழூர்ச் சந்தைக்குப் புறப்பட்டுவிட்டார்.

நாலாகப் பகிர்ந்தால் தலைக்கு ஏழே முக்காலே அரைக்கால். எயினனார் உடனே மடியை அவிழ்த்தார். அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் உலகனார் பண்டாரத்தில் இருபது ஆண்டு எண்ணியவர். ஓலைநாயகி இரண்டு அப்பமும் வெறுஞ்சோறும் உண்டவள், மூன்று துண்டு மீன் தின்றவருக்கு ஈடாக அவள் கொடுப்பது அறமாகாது என்றார். மூன்று துண்டு தின்றவர் எயினனார்.

“ஓய், என் மீனை எண்ணிக்கொண்டா சோறு தின்றீர்?” என்றார் எயினனார்.

“கண் இருக்கிறதே, என்ன செய்ய?” என்றார் உலகனார்.

அப்படித்தான் கணக்குத் தொடங்கியது. உலகனார் ஒரு கரித்துண்டால் பந்தல்காலில் எழுதினார். சோறு, குழம்பு, மோர் சேர்ந்த இலை ஒன்று நாலு காசு. வறுத்த மீன் துண்டு ஒன்றரைக் காசு. நெய் கரண்டி அரைக் காசு. அப்பம் ஒன்று கால் காசு. இவ்விலைகள் கடை வாசலில் எழுதியிருப்பவை, அவற்றில் ஐயமில்லை.

உலகனார்க்கு ஓர் இலை, மூன்று கரண்டி நெய், இரண்டு அப்பம்: ஆறு காசு. எயினனார்க்கு ஓர் இலை, மூன்று மீன், நாலு அப்பம்: ஒன்பதரை. பூதனார்க்கு ஓர் இலை, ஒரு மீன், ஒரு கரண்டி நெய், ஆறு அப்பம்: ஏழரை. எனக்கு ஓர் இலை, இரண்டு அப்பம்: நாலரை.

பூதனார் மீனை மறுத்தார். தாம் அதை உண்ணவில்லை என்றும், பழைய மீனோ என்று நண்பர்களின் உடல்நலம் கருதிச் சோதித்ததாகவும் சொன்னார்.

“சோதனைக்கு முள்ளு வரைக்குமா போகணும்?” என்றார் எயினனார்.

“ஐயம் முள்ளில்தானே தங்கும்” என்றார் மருத்துவர். ஆயினும் ஒன்றரைக் காசு அவர் தலையிலேயே நின்றது.

பிறகு உலகனார், தமது மூன்றாம் கரண்டி நெய்யில் பாதி வழிந்து எயினனார் இலைக்குள் போய்விட்டது என்றும், ஆகவே கால் காசு அவரைச் சேரும் என்றும் சொன்னார். எல்லை தாண்டி வந்த சரக்குக்குத் தாம் சுங்கம் வாங்குவதுண்டே தவிர விலை கொடுப்பதில்லை என்று எயினனார் விடையிறுத்தார். நெய் திருப்பி அனுப்பப்படாததால் விலை உண்டு என்று பூதனார் தீர்ப்புச் சொன்னார். அந்தத் தீர்ப்பைக் கேட்டு எயினனார் சும்மா இருப்பாரா? என் இரண்டாம் அப்பத்தில் பாதியைப் பூதனார் பிட்டுத் தின்றதை அவர் கண்டிருந்தார். அரைக்கால் காசு என் கணக்கிலிருந்து மருத்துவர் கணக்குக்குப் போயிற்று. நான் வேண்டாம் என்றேன். நீதி வேண்டாம் என்று சொல்ல ஓலைநாயகிக்கும் உரிமையில்லை என்றார்கள்.

முடிவில் உலகனார் ஐந்தே முக்கால், எயினனார் ஒன்பதே முக்கால், பூதனார் ஏழரையே அரைக்கால், நான் நாலே காலே அரைக்கால். கூட்டினால் இருபத்தேழரை. கொடுத்ததோ முப்பத்தொன்றரை.

நாலு காசு எங்கே?

மறுபடி கூட்டினோம். இலை பதினாறு, மீன் ஆறு, நெய் இரண்டு, அப்பம் மூன்றரை. இருபத்தேழரைதான். மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் கூட்டினோம். நாலு காசு அசையவில்லை.

அப்பொழுது எயினனார் பந்தல்காலை விட்டு உலகனாரைப் பார்த்தார். “நாலு காசு. சரியாக ஓர் இலைச் சாப்பாடு. உள்ளே போய் இவ்வளவு நேரம் என்ன செய்தீர்?”

உலகனார் கரித்துண்டைக் கீழே வைத்தார்.

“கையை நீட்டும்” என்றார் எயினனார். முகர்ந்து பார்த்தார். கை ஈரமாயிருந்தது, புதிதாகக் கழுவியது. “வெளியே எங்களோடு ஒருமுறை கழுவினீர். உள்ளே எதற்கு இரண்டாம் கழுவல்?”

பூதனார் எழுந்து உலகனார் வயிற்றை இரண்டு விரலால் தட்டிக் காது கொடுத்தார். ஓர் இலைக்குரிய ஓசை அல்ல இது என்றார்.

“என் வயிறு என்ன பத்தாயமா, தட்டி அளக்க?” என்று உலகனார் சிரிக்கப் பார்த்தார். எவரும் சிரிக்கவில்லை. உள்ளே போய்த் தனியே இரண்டாம் இலை போட்டு உண்டு, அதன் விலையை நண்பர் தலையில் கட்டினார் என்பது குற்றச்சாற்று. அவர் மறுத்தார். எங்கே இருந்தீர் என்று மூன்று முறை கேட்டும் வாய் திறக்கவில்லை. எயினனார்க்குச் சினம் மூண்டால் காலில் செருப்பு நில்லாது. அன்று மாலையே தங்கள் கோட்டைக்கு வந்து முறையிட்டார். அவர் அன்றிரவே வருந்தினார் என்பதையும், மறுநாள் முதல் காவலறைக்கு நாள்தோறும் மீன் வறுவல் கொண்டுவந்து வாசலில் நின்று அழுவதையும் தலைவர் நேரில் காண்கிறீர்கள். சாற்றியவரே வேண்டினாலும் சாற்று நீங்காது என்ற வழக்கை அவர் மறந்திருந்தார்.

நாச்சன் சந்தையிலிருந்து திரும்பிவிட்டார் என்று கேட்டு, நேற்று நான் தனியே அவர் கடைக்குப் போனேன். எத்தனை இலைக்கு விலை வாங்கினீர் என்று கேட்டேன்.

“அஞ்சு இலைக்கு, தாயே” என்றார்.

நால்வர்தானே உண்டோம் என்றேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “உங்க பக்கத்துல தலைவருக்குன்னு ஒண்ணு போடச் சொன்னீங்களே. சோறு, கொழம்பு எல்லாம் வச்சேனே. அப்புறம் மாட்டுக்கு எடுத்துக் குடுத்தீங்க.”

சேந்தனாரே, அந்த இலை என் இடது கைப்பக்கம் உணவு முழுதும் விரிந்து கிடந்தது. நாங்கள் நால்வரும் அதைப் பார்த்துக்கொண்டே உண்டோம். ஒருவரும் எண்ணவில்லை. போரிலிருந்து மீளாதவர்க்கு இடும் இலைக்கு எந்தச் சோற்றுக்கடையும் விலை பெறலாகாது என்பது மன்னர் ஆணை. மூன்று ஆண்டாக நம் நாட்டார் அந்த இலையை எண்ணாமல் பழகிவிட்டோம்.

ஆணையைச் சொன்னேன். நாச்சன் கை கூப்பினார். “உங்க ராசா ஆணை கல்லுக்கு அந்தப் பக்கந்தானே தாயே. கல்லு நகந்துபோச்சு. நான் இப்ப ஏழூர்க்காரன். எனக்கு அரிசி யாரு சும்மா தாரா? உங்க முன்னால அந்த இலைக்குக் காசு கேக்க நாக்கு வரல. அதான் மொத்தமாச் சொல்லி வாங்கிட்டேன்.”

சென்ற கார்த்திகையில் ஏழூர் நாட்டாரோடு செய்த உடன்படிக்கையால் மேட்டுப் பாதையின் எல்லைக்கல் நாற்பது அடி நம் பக்கம் வந்தது. கடை அப்பால் போயிற்று. அந்த உடன்படிக்கையை எழுதிய கை என்னுடையது. எழுதினேன், அதில் ஒரு சோற்றுக்கடை இருப்பதை நினைக்கவில்லை.

இனி ஒன்று. இப்பகுதியைத் தலைவர் தாமே வாசித்துக்கொள்க. அவையில் வாசிக்க வேண்டா. ஒவ்வொரு காசையும் எண்ணும் உலகனார் ஏன் மொத்தத்தைக் கேட்டபடி கொடுத்தார், எங்கே அவ்வளவு நேரம் இருந்தார் என்பதை நாச்சனின் மனைவி சொன்னார். பின்கட்டில் கிணற்றடியில் அமர்ந்து, என் கணவர் பெயரைச் சொல்லி அழுதாராம். “யாரும் வர்றாங்களான்னு பாத்துச் சொல்லும்மா” என்று அந்த அம்மையை வாசலில் நிறுத்தினாராம். பிறகு நாலு வாளி நீர் இறைத்து முகம் கழுவிக்கொண்டு, நாச்சன் சொன்ன தொகையை எண்ணாமல் நீட்டிவிட்டு வந்திருக்கிறார். என் முன்னே அழக்கூடாது என்று மூன்று ஆண்டாக ஒளித்தது அது. மோதிரம் போனாலும் சொல்லமாட்டார் போலும். இதை நான் அறிந்தேன் என்று அவரிடம் சொல்லேன், தாங்களும் சொல்லவேண்டா.

ஆகவே கணக்கு இது: நால்வர் உண்டது இருபத்தேழரை, மீளாதவர் இலை நாலு, ஆக முப்பத்தொன்றரை. மிகுதியும் இல்லை, குறைவும் இல்லை. அந்த நாலு காசு என்னைச் சேர்ந்தது. உலகனார்க்குத் திருப்பித் தர இவ்வோலையோடு முடிந்து அனுப்பியுள்ளேன். அவர் முன்னே அவிழ்த்து எண்ணிக் கொடுக்க. என் நெஞ்சிலிருந்த பாரமும் இன்று இறங்கியது. நேற்றிரவு, பல நாளுக்குப் பின், விடியும் வரை உறங்கினேன்.

தங்களுக்குரிய தனிப்பகுதி நீங்கலாக மன்னர் இவ்வோலையைக் கேட்டு, நெய்யின் இடத்தில் இருமுறை சிரித்து, இலையின் இடத்தை மறுமுறை வாசிக்கச் சொல்லி, பின் இவ்வாறு ஆணையிட்டார்: ஓலை கண்ட நாழிகையே உலகனாரை விடுவிக்க; மோதிரத்தை அவர் விரலில் எயினனாரே அணிவிக்க; நண்பரின் வயிற்றைத் தட்டி அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னதற்காக மருத்துவர் பூதனார் கோட்டைக் காவலர் அனைவர்க்கும் ஒரு திங்கள் மருந்து இலவசமாய்க் கொடுக்க; எல்லைக்கு அப்பால் உள்ள கடைகளில் மீளாதோர் இலைக்கு ஆகும் விலையை இன்று முதல் பண்டாரமே ஏற்க, அதை எண்ணும் பொறுப்பு உலகனாரைச் சேர.

இவ்வாணை கோட்டை வாயிலில் நின்று உரக்க வாசிக்கப்படுக. வாசித்து முடியுமுன் கதவு திறந்திருக்க வேண்டும்.

மீன்முத்திரை இட்டு, ஓலைநாயகி இளநாகை எழுத்து.